முதல் வரியில் தேதி: அறுப்பு மிஷின் முறைச் செய்தியைப் பட்டன் போன்களில் சோதித்துப் பார்த்தது

எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம், பெருமாள் ஏரிப் பாசனம். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் எங்கள் உழவர் குழுவில் 34 பேருக்கும் நெல் அறுக்க ஒரே செயின் வண்டிதான், அதனால் யாருக்கு எந்த நாள் எந்த நேரம் என்று முறை போட்டு முந்தின நாள் சாயங்காலம் எஸ்.எம்.எஸ். அனுப்புவது குழுக் கணக்கு எழுதும் என் வேலை. வாட்ஸ்ஆப்பில் போட்டால் முடிந்தது என்பார்கள், ஆனால் 34 பேரில் 19 பேர் கையில் இருப்பது பட்டன் போன்.

இந்த ஜனவரி 27ஆம் தேதி ராத்திரி ஏழு மணிக்கு, ஓடை ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கு "நாளை காலை 9.30" என்று அனுப்பினேன். மறுநாள் வண்டி போய் நின்றால் வரப்பு வெட்டவில்லை, ஆள் இல்லை, அவர் குறிஞ்சிப்பாடிக்குப் போயிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் வண்டி சும்மா நின்றுவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். "நாளைக்குன்னுதானேம்மா போட்டிருந்த, நாளைக்குத்தான் இருக்கேன்" என்று போனை எடுத்துக் காட்டினார். ராத்திரி சார்ஜ் தீர்ந்து போன் அணைந்திருக்கிறது, காலையில் சார்ஜ் போட்டதும் செய்தி வந்து இறங்கியிருக்கிறது, அவர் அதை 28ஆம் தேதி படித்து 29 என்று எடுத்துக்கொண்டார். அவர் படித்ததில் ஒரு தப்பும் இல்லை. எழுதிய நான்தான் செய்தி எப்போது போய்ச் சேரும் என்று யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்.

போன் அணைந்திருந்தால் செய்தி உடனே தொலைந்துபோவதில்லை, கம்பெனியின் எஸ்.எம்.எஸ். மையத்தில் காத்திருந்து போன் உயிர் பெற்றதும் வரும். அது பத்து நிமிடம் கழித்தும் வரலாம், மறுநாளும் வரலாம். ஆகவே "நாளை", "இன்று", "நாளை மறுநாள்" மூன்றையும் முறைச் செய்தியிலிருந்து அன்றே எடுத்துவிட்டேன்.

ஆனால் அவர் போனை வாங்கிப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. செய்திப் பட்டியலில் என் செய்திக்கு எதிரே தெரிந்தது "அன்பார்ந்த விவ" மட்டும்தான். திறந்தால் முதல் திரை முழுக்க வணக்கம். நேரத்தைப் பார்க்கக் கீழ் பொத்தானை ஏழு தடவை அழுத்த வேண்டியிருந்தது. என் ஆறரை அங்குலத் திரையில் நான்கு வரியில் அழகாக நின்ற செய்தி அது. இதோ, அனுப்பியது இதுதான்:

```
அன்பார்ந்த விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம். தங்கள் வயலில் நெல் அறுவடை இயந்திரம் நாளை காலை 9.30 மணிக்கு இறங்கும். வண்டி வரும் வழியைச் சரிசெய்து வைக்கவும்.
```

அன்று முடிவெடுத்தேன், இனி யார் படிக்கப் போகிறார்களோ அவர்கள் போனில் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவது. இரண்டு நாள் ஊர் முழுக்க நடந்தேன், அப்புறம் திருப்பாப்புலியூரில் தெரிந்த ஒரு செல் ரிப்பேர் கடையில் போய் உட்கார்ந்தேன். அங்கே பழைய போன்கள் ஒரு டப்பா நிறையக் கிடக்கும், கடைக்காரத் தம்பி பேட்டரி போட்டுக் கொடுத்தார், என் இரண்டாவது சிம்மை ஒவ்வொன்றிலும் மாற்றி மாற்றிச் செருகிச் செய்தியை வாங்கிப் பார்த்தேன். செய்தியை அனுப்பியது எப்போதும் அனுப்பும் அதே போனிலிருந்து, அதே சிம்மிலிருந்து. சோதனைக்கு மட்டும் வேறு போனில் தட்டச்சு செய்து பார்த்தால் அந்தப் போனின் விசைப்பலகை வேறு எழுத்துகளைப் போட்டுவிடலாம், அப்போது பார்த்தது ஒன்று, போவது ஒன்று.

முதலில் நீளம். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு இருக்கும் இடம் 140 பைட். வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் என்றால் ஒவ்வொன்றும் ஏழு பிட்டில் அடங்கும், அதனால் 160 எழுத்து போகும். தமிழில் ஒரு எழுத்து வந்தாலும் போதும், செய்தி முழுவதும் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் என்ற கணக்குக்கு மாறிவிடும், அப்போது 70தான். அந்த 70ஐத் தாண்டினால் போன் அதைத் துண்டு போட்டு அனுப்பும். எந்தத் துண்டு எதற்குப் பின் என்று சொல்லும் தலைப்புக்கு ஆறு பைட் போய்விடுவதால், துண்டு ஒன்றுக்கு 67.

இதில் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவது போனுக்கு ஓர் எழுத்து இல்லை. "கு" நமக்கு ஒன்று, போனுக்குக் க ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு. "வணக்கம்" நம் கணக்கில் ஐந்து எழுத்து, போன் கணக்கில் ஏழு. ஆகவே 70 என்றதும் எழுபது தமிழ் எழுத்து எழுதலாம் என்று நினைத்துவிடக் கூடாது, சாதாரணத் தமிழில் நாற்பத்தைந்து எழுத்துக்கு மேல் போவது கஷ்டம்.

கூகுள் ஷீட்ஸில் A2 கட்டத்தைத் திறந்து அதற்குள்ளேயே செய்தி முழுவதையும் ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டால் போன் எண்ணும் அதே எண்ணிக்கை வந்துவிடும்:

```
=LEN(A2)
```

என் பழைய செய்திக்கு 153 என்று வந்தது. மூன்று துண்டு. முதல் 67 எங்கே முடிகிறது என்று எண்ணிப் பார்த்தேன், "தங்கள் வயலில் நெல் அறுவ" என்பதோடு முடிகிறது. முதல் துண்டில் நாளும் இல்லை, நேரமும் இல்லை. வணக்கமும், வயலும், பாதி அறுவடையும்தான். நல்ல போன் மூன்றையும் ஒட்டிக் காட்டிவிடும், அது உண்மை. ஆனால் இன்பாக்ஸ் நிறைந்துபோன பட்டன் போனில் ஒரு துண்டுக்கு இடம் இருந்து அடுத்ததற்கு இல்லாமல் போவதை எங்கள் ஊரிலேயே பார்த்தேன், மேல் மூலையில் உறை மாதிரி ஒரு படம் சிமிட்டிக்கொண்டே இருந்தது, அந்த அம்மாள் அது ஏதோ பேட்டரி கோளாறு என்று நான்கு மாதமாக விட்டிருக்கிறார். பழைய விளம்பரச் செய்திகளை அழித்ததும் காத்திருந்தவை வந்து விழுந்தன.

அடுத்தது எழுத்து. 19 பட்டன் போனையும் நேரில் பார்த்து எழுதியதில் 11 போனில் தமிழ் சரியாக வந்தது. இந்தியாவில் விற்கும் போன்களில் 22 மொழியிலும் வரும் செய்தியைப் படிக்க முடிய வேண்டும் என்று ஐ.எஸ். 16333 என்ற தரவிதியின் மூன்றாம் பாகம் சொல்கிறது, அது கட்டாயமான பிறகு வந்த போன்களில் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை. சிக்கல் அதற்கு முந்தின போன்களில், அவைதான் எங்கள் ஊரில் கெட்டுப்போகாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

5 போனில் தமிழ் எழுத்துரு இல்லவே இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒரு சதுரக் கட்டம். மீதி 3 போன்கள்தான் எனக்கு ஆச்சரியம். அவற்றில் தமிழ் வருகிறது, ஆனால் கொம்பு இடம் மாறி வருகிறது. "செ" என்பதைச் செய்தி சுமந்து போகும்போது முதலில் ச, அதற்குப் பின் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் போகும். கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைப்பது படிக்கிற போனின் பொறுப்பு. இந்த மூன்றும் அதைச் செய்யாமல் வந்த வரிசையிலேயே வரைகின்றன, அதனால் "செவ்வாய்" என்று அனுப்பினால் ச தனியாக நிற்கிறது, கொம்பு அடுத்த வகரத்துக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. "வெட்டி வைக்கவும்" என்பதை அந்தப் போனில் என்னாலேயே உடனே படிக்க முடியவில்லை. கால், உகரக் குறி, புள்ளி, இகரக் குறி எல்லாம் எழுத்துக்கு வலப்பக்கமோ மேலோ கீழோ வருவதால் அவை தப்பித்துவிடுகின்றன. மாட்டிக்கொள்பவை இடப்பக்கம் வரும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி, அப்புறம் இவற்றைச் சேர்த்து எழுதும் ஒகர ஓகார எழுத்துகள்.

கட்டம் கட்டமாக வந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கட்டங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: 9.30. எண்ணும் புள்ளியும் சாய்கோடும் எந்தப் போனிலும் இருக்கும், தமிழ்ச் செய்திக்குள்ளே வந்தாலும் அவை அப்படியே தெரியும். செய்தியில் பாதி விஷயம் எண்தானே, நாளும் நேரமும். அதை முதல் வரியில், மற்ற எழுத்து கலக்காமல் தனியாக வைத்துவிட்டால் பட்டியலிலேயே தெரியும், திறக்கவே வேண்டாம், கட்டம் வரும் போனிலும் தெரியும், கொம்பு மாறும் போனிலும் தெரியும். மற்ற வரிகள் என்ன ஆனாலும் ஆள் வயலுக்கு வந்துவிடுவார்.

அப்படி எழுதிய முதல் வடிவம் இது:

```
03/02 9.30
செவ்வாய்
அறுவடை மிஷின்
வரப்பை வெட்டி வைக்கவும்
உழவர் குழு
```

68 வந்தது, ஒரே துண்டு. ஆனால் கொம்பு மாறும் போனில் நான்காவது வரி குழம்பியது, "வரப்பை வெட்டி வைக்கவும்" என்ற மூன்று சொல்லில் மூன்று இடம். அதனால் கொம்பு வராத சொல்லாகத் தேடினேன். இப்போது போவது இது:

```
03/02 9.30
செவ்வாய்
அறுப்பு மிஷின்
வரப்பில் வழி விடவும்
உழவர் குழு
```

இது 66. அறுவடை என்பதைவிட அறுப்பு என்பதுதான் எங்கள் பேச்சும், அதில் ஐகாரமும் இல்லை. கொம்பு மிஞ்சியிருப்பது கிழமையில் மட்டும். வாரத்தின் ஏழு நாளில் செவ்வாயும் வெள்ளியும் மாட்டுகின்றன, மற்ற ஐந்தும் சுத்தம். கிழமையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், ஆனால் எங்கள் ஊரில் தேதியைவிடக் கிழமைதான் மனதில் நிற்கும், பக்கத்தில் தேதி எண்ணாக இருப்பதால் குழப்பம் வராது என்று விட்டுவிட்டேன். தமிழ் மாதத் தேதியையும் போடச் சொன்னார்கள் இரண்டு பெரியவர்கள். அதைப் போடவில்லை, கட்டம் வரும் போனில் "தை" மறைந்து எண் மட்டும் நின்றால் அது என்ன எண் என்று யாருக்குத் தெரியும்.

தேதியை 3.2 என்று எழுதாமல் 03/02 என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் "3.2 9.30" என்று அனுப்பிப் பார்த்தேன், இரண்டும் புள்ளியோடு இருப்பதால் எது நாள் எது நேரம் என்று தெரியவில்லை என்றார்கள். "3-2 9.30" என்று போட்டதை ஒருவர் "மூணுலேர்ந்து ரெண்டு ஏக்கரா" என்று கேட்டார். சாய்கோடும் முன்னால் பூஜ்யமும் போட்டால் தேதிதான் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். காலை, மாலை என்று சேர்க்கவில்லை. தை மாதத்தில் பனி ஈரம் காயாமல் வண்டி இறங்காது, ஒன்பதுக்கு முன்னால் முறையே கிடையாது, இருட்டிய பிறகும் கிடையாது, அதனால் 9.30 என்றால் காலை, 4.00 என்றால் சாயங்காலம் என்பது எங்கள் 34 பேருக்கும் தெரியும். மருந்து முறைக்கோ பஸ் நேரத்துக்கோ இப்படி விட முடியாது.

திரை அகலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் அதிகம் இருப்பது 1.77 அங்குலத் திரை, குறுக்கே 128 புள்ளி, நெடுக்கே 160. கொஞ்சம் பெரியது 2.4 அங்குலம், 240க்கு 320. சின்னத் திரையில் "வரப்பில் வழி விடவும்" ஒரு வரியில் நிற்கவில்லை, "விடவும்" அடுத்த வரிக்கு இறங்கியது, அதில் தப்பில்லை. ஆனால் பழைய நீளச் செய்தியில் ஒரு போன் சொல்லுக்கு நடுவில் வரியை முறித்தது, "9.3" ஒரு வரியிலும் "0" அடுத்த வரியிலும் நின்றது. முதல் வரியை மொத்தம் 10 அல்லது 11 எழுத்துக்குள் வைத்து உடனே எண்டர் தட்டியது அதனால்தான். எண்டரும் ஓர் எழுத்தாக எண்ணிக்கையில் சேரும், நான்கு எண்டருக்கு நான்கு போனாலும் அது வீண் இல்லை.

சோதிக்கும்போது எப்போதும் நீளமானதைப் போட்டுப் பார்க்க வேண்டும். "05/02 9.30, வியாழன்" சரியாக வந்தது என்று விட்டால் செவ்வாய்க்கிழமை மாட்டும். கிழமைப் பெயர்களை எண்ணிப் பார்த்தேன், செவ்வாய்தான் நீளம், 8. சனி 3. நேரத்தில் 10.30 என்பது 9.30ஐவிட ஒன்று கூட. ஆக எங்களுக்கு மிக நீளமான செய்தி செவ்வாய் 10.30, அது 67. மூன்று மிச்சம் இருக்கிறது.

மூன்றுதான் மிச்சம் என்பதை அலட்சியமாக எடுத்துக்கொண்டதில் ஒரு முறை இடறினேன். எங்கள் குழுத் தலைவர் இந்தப் புதுச் செய்தியைத் தன் போனில் சேமித்து வைத்திருந்து எனக்கே வாட்ஸ்ஆப்பில் திருப்பி அனுப்பினார், அதிலிருந்து நகல் எடுத்து ஒட்டினேன். பார்க்க எழுத்துக்கு எழுத்து அதே செய்தி. அனுப்பும் பெட்டியின் ஓரத்தில் மட்டும் 2 என்று காட்டியது. ஷீட்ஸில் ஒட்டினால் 66 வர வேண்டிய இடத்தில் 71. ஐந்து எங்கிருந்து வந்தது என்று தேடினால், முதல் நான்கு வரியின் கடைசியிலும் ஒவ்வொரு வெற்றிடம், அப்புறம் "மிஷின்" நடுவில் கண்ணுக்கே தெரியாத ஓர் எழுத்து. சில விசைப்பலகைகள் எழுத்துகளை ஒட்டவிடாமல் தடுக்க இப்படி அகலமில்லாத ஒன்றைப் போடும். நல்ல போனில் அது தெரியாது, பழைய போன் ஒன்றில் அந்த இடத்தில் ஒரு கட்டம் வந்தது. இது எத்தனை இருக்கிறது என்று சொல்லும் வரி:

```
=LEN(A2)-LEN(SUBSTITUTE(A2,UNICHAR(8204),""))
```

பூஜ்யம் வர வேண்டும். 71 ஆனதால் செய்தி இரண்டு துண்டாகி, இரண்டாவது துண்டில் போயிருக்கக் கூடியது "குழு" என்ற ஒரே சொல். இப்போது யார் அனுப்பிய நகலையும் எடுப்பதில்லை, ஷீட்ஸில் ஒரு கட்டத்தில் நானே தட்டச்சு செய்த செய்தியிலிருந்துதான் எடுக்கிறேன், எண்ணிக்கை பார்த்துவிட்டு.

கட்டம் வரும் ஐந்து பேருக்கு என்ன செய்வது என்று தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. மூன்று பேர் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பார்கள், அவர்களுக்கு இப்படிப் போகிறது:

```
03/02 9.30
SEVVAI
ARUPPU MACHINE
VARAPPIL VAZHI VIDAVUM
```

இதில் தமிழ் எழுத்து ஒன்றும் இல்லாததால் 160 வரை இடம் உண்டு. ஆனால் இதற்குள் ₹ குறியை மட்டும் போட்டுவிடக் கூடாது. அது ஏழு பிட் எழுத்துப் பட்டியலில் இல்லை, ஒன்றே ஒன்று வந்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு இறங்கிவிடும், அதோடு 2010இல்தான் அந்தக் குறியே வந்தது என்பதால் பழைய போன்கள் அதையும் கட்டமாகவே காட்டும். வாடகைச் செய்தியில் Rs என்றே எழுதுகிறேன்.

மற்ற இருவருக்கு ஆங்கிலமும் வராது. அவர்களுக்கும் இந்த ஆங்கில எழுத்துச் செய்திதான் போகிறது, எண்ணைப் பார்த்தால் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டு இது யாருடைய செய்தி என்று எப்படித் தெரியும்? அவர்கள் போனில் என் எண்ணை MACHINE என்று பெயர் போட்டுச் சேமித்துக் கொடுத்தேன், பட்டியலில் அந்தச் சொல்லின் உருவம் தெரிந்தால் போதும், எழுத்துக் கூட்ட வேண்டாம். முதலில் தமிழில் பெயர் போட்டேன், பெயரும் கட்டமாகிவிட்டது, இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

சின்ன ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களையும் விட்டுவிடவில்லை. வயதானவர்கள் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்திருப்பார்கள், நான்கு ஐந்து அங்குலப் போனில் அப்படி வைத்தால் பூட்டுத் திரையில் செய்தியின் முதல் வரி மட்டும்தான் தெரிகிறது. என் போனிலேயே எழுத்தளவைக் கடைசி வரைக்கும் ஏற்றிவிட்டுப் பார்த்தேன், பழைய செய்தியில் வணக்கம் தெரிந்தது, புதியதில் 03/02 9.30 தெரிந்தது. அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் நானே திரையைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் போதாது, எனக்குச் செய்தி என்ன என்று முன்பே தெரியும். அதனால் ஒவ்வொருவர் போனுக்கும் ஒரு சோதனைச் செய்தியை அனுப்பிவிட்டு, வாசலில் வெயிலில் நிற்க வைத்து, "எப்போ வண்டி வருது பெரியப்பா?" என்று மட்டும் கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பழைய செய்தியை வைத்துக் கேட்டபோது அரை நிமிடம் ஒரு நிமிடம் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேர் பேரனைக் கூப்பிட்டார்கள். புதியதற்குப் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டே நாளும் நேரமும் சொன்னார்கள். ஒருவர் மட்டும் 03/02ஐ "மூணேகால்" என்றார், அவருக்கு வாயால் சொல்லிக் கொடுத்தேன், அடுத்த தடவை சரியாகச் சொன்னார்.

அனுப்பும் போனில் டெலிவரி ரிப்போர்ட்டைப் போட்டு வைத்திருக்கிறேன். ஏழு மணிக்கு அனுப்பி எட்டு மணிக்குள் யாருக்குச் சேர்ந்த குறி வரவில்லையோ அவர்கள் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ பேசிவிடுகிறேன். சேர்ந்தது என்றால் போனுக்குப் போனது என்றுதான் அர்த்தம், படித்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தபோது பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரி, வண்டியில் செயின் அறுந்துவிட்டது என்று தகவல் வந்தது. அடுத்த நாள் முறையை 5ஆம் தேதிக்கு மாற்ற வேண்டும், செய்தி முன்னரே போய்விட்டது. "03/02 9.30 ரத்து, 05/02 9.30" என்று தட்டச்சு செய்து அனுப்பப் போனவள், கட்டம் வரும் போனில் அது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நின்று, கடைத் தம்பி கொடுத்து வைத்திருந்த பழைய போனுக்கு முதலில் அனுப்பினேன். இரண்டு தேதி தெரிந்தது. "ரத்து" ஐந்து கட்டம். எது ரத்து, எது புதுசு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை, பட்டியலில் தெரிந்ததும் பழைய தேதிதான். எண்ணை மட்டும் நம்புங்கள் என்று நானே சொல்லி வைத்தவர்கள் அந்த முதல் தேதிக்குத்தான் வந்து நின்றிருப்பார்கள்.

ஆகவே புதுத் தேதி மேலே, பழைய தேதி அதற்குக் கீழே, அதன் பக்கத்தில் ஓர் ஆங்கில X:

```
05/02 9.30
03/02 X
வியாழன்
அறுப்பு மிஷின்
உழவர் குழு
```

52தான் வருகிறது. இதையும் கேட்டுப் பார்க்காமல் அனுப்ப மனமில்லை. அந்த ஓடை ஓரத்துப் பெரியவர் வீடு பக்கம்தான், ஓடிப்போய் பழைய போனில் காட்டி என்ன புரிகிறது என்றேன். "மூணாந்தேதி அடிச்சிட்ட, அஞ்சாந்தேதி ஒம்பதரைக்கு" என்றார். பிள்ளைகள் கணக்கு நோட்டில் தப்புக்குப் போடும் குறி அது, எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறார்கள். மாற்றச் செய்தி போன நான்கு பேருக்கும் அன்று போனிலும் கூப்பிட்டுச் சொன்னேன், இனிமேலும் நாள் மாறினால் கூப்பிட்டே சொல்வேன், ஏனென்றால் முதல் செய்தியும் அதே இன்பாக்ஸில் கீழே இருந்துகொண்டுதான் இருக்கும். 5ஆம் தேதி ஒன்பதேகாலுக்கு வண்டியோடு போனபோது முதல் வயலில் வரப்பு வெட்டி, வைக்கோலைப் போட்டு மேடு பள்ளம் நிரவி வைத்திருந்தார்கள்.